மைல்ஸ்டோன் ட்ரெண்ட் சார்ட்: முதல்முறை போடுகிறவர்களுக்கு, எக்செல் கோப்பிலிருந்து கஸ்டமருக்கு அனுப்புவது வரை

கோவையில் ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் பிளானிங் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு ஜெர்மன் கஸ்டமரின் ஆர்டர் என் தலையில் விழுந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், கூடவே ஒரு எம்.டி.ஏ., அதாவது மைல்ஸ்டோன் ட்ரெண்ட் அனாலிசிஸ் சார்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பேரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஏதோ ஒரு படம் போட்டு அனுப்பினேன், ஏப்ரலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சார்ட் தப்பு இல்லை, நடக்கப்போவதை அது இரண்டு மாதம் முன்பே காட்டிக்கொண்டுதான் இருந்தது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. நீங்கள் அந்த ஏப்ரலைத் தவிர்க்கலாம் என்பதற்காக இது.

ஒரே பத்தியில் விஷயம் இதுதான். கிடைமட்ட அச்சில் ரிப்போர்ட் தேதிகள். செங்குத்து அச்சில், "இந்த மைல்ஸ்டோன் எப்போது முடியும்" என்று அந்தந்த ரிப்போர்ட்டில் சொன்ன தேதி. இரண்டு அச்சும் ஒரே அளவு, நடுவில் 45 டிகிரியில் ஒரு மூலைக்கோடு. ஒவ்வொரு மைல்ஸ்டோனும் ஒரு கோடாக இடமிருந்து வலமாக நகரும். மூலைக்கோட்டைத் தொட்டால் அந்த மைல்ஸ்டோன் முடிந்தது. கோடு படுத்திருந்தால் சொன்ன தேதி மாறவில்லை, மேலே ஏறினால் தள்ளிப்போகிறது, கீழே இறங்கினால் முன்கூட்டியே முடியும்.

1. முதலில் மைல்ஸ்டோன்களைக் குறையுங்கள்

ஷெட்யூலில் இருக்கிற எல்லாவற்றையும் போடாதீர்கள். நான் முதலில் பதினான்கு போட்டேன், படம் நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. ஐந்திலிருந்து ஏழு போதும். எங்கள் மெஷினுக்குக் கடைசியில் ஐந்துதான் வைத்தோம்: டிராயிங் அப்ரூவல், கேஸ்டிங் வருவது, அசெம்பிளி முடிவது, கஸ்டமர் வந்து பார்க்கிற டிரையல், டெஸ்பாட்ச்.

ஒவ்வொன்றுக்கும் "முடிந்தது" என்று சொல்ல ஒரு காகிதம் இருக்க வேண்டும், அதை முதல் நாளே எழுதி வையுங்கள். டிராயிங்குக்குக் கஸ்டமர் கையெழுத்துப் போட்ட பிரதி, "ஓகே, மைனர் கமெண்ட்ஸ் பிறகு" என்று வரும் மெயில் கணக்கில் வராது. கேஸ்டிங்குக்கு, சரக்கு வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். ரசீது, அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆன பிறகு. லாரி கேட்டுக்குள் வந்தது முடிவு ஆகாது. டிரையலுக்கு இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை. இது இல்லையென்றால் பத்தில் ஒன்பது பங்கு முடிந்த மைல்ஸ்டோன் ஒன்று மூலைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் தவம் கிடக்கும்.

2. தேதியை யாரிடம், எப்படிக் கேட்பது

எல்லாவற்றிலும் அதிக நேரம் தின்பது இதுதான். சார்ட்டைப் புதுப்பிக்க இருபது நிமிடம் போதும், ஆனால் ஐந்து தேதிகளை வாங்க எனக்கு அரை நாள் ஆகும். அதனால் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுங்கள்.

வேலையைச் செய்கிறவரிடம் கேளுங்கள், அவருடைய மேனேஜரிடம் வேண்டாம். கேட்கும்போது உங்களிடம் இருக்கிற பழைய தேதியைச் சொல்லாதீர்கள். நான் ஃபோர்மேன் அண்ணனிடம் போய், "அண்ணா, அசெம்பிளி ஏப்ரல் 11 தானே?" என்று கேட்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு எந்தத் தேதி வேணுமுங்க தம்பி, சொல்லுங்க, அதையே போட்டுக்கலாம்" என்பார். அது கிண்டல் என்று எனக்குப் புரிய ஆறு வாரம் ஆனது. கேட்க வேண்டிய கேள்வி, "கேஸ்டிங் கைக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?" அப்படிக் கேட்டபோது யோசிக்காமல் சொன்னார்: நாலு வாரம்.

டெஸ்பாட்ச் தேதியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது பெரும்பாலும் ஆர்டரில் எழுதிய தேதி, தாண்டினால் எல்.டி. என்று தாமத அபராதம் பிடிப்பார்கள், எங்கள் ஆர்டரில் வாரத்துக்கு அரை சதவீதம். அதனால் யாரும் அந்தத் தேதியைத் தொட மாட்டார்கள், "அதை மட்டும் அப்படியே வைங்க" என்பார்கள். சார்ட்டில் போக வேண்டியது முடியும் என்று நம்புகிற தேதி. ஒப்புக்கொண்ட தேதியையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த உயரத்தில் தனியாக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

3. அட்டவணை

செலவு ஒன்றும் இல்லை. எக்செல் போதும், அது இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆஃபிஸ் கால்க் போதும். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு வரிசை. பழைய வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது, புது வரிசை கீழே சேர்ந்துகொண்டே போகும். தேதியை அதே கட்டத்தில் அழித்து எழுதிப் பழகிய கை இதற்கு முரண்டு பிடிக்கும், நீங்கள்தான் அடக்க வேண்டும்.

நாங்கள் 2025-இல் வைத்திருந்த அட்டவணை இது. தேதிகளை 10-Jan-2025 மாதிரி ஆண்டோடு அடித்து, இதையே வைத்து ஒருமுறை பழகுங்கள்.

| ரிப்போர்ட் | டிராயிங் | கேஸ்டிங் | அசெம்பிளி | டிரையல் | டெஸ்பாட்ச் |
|---|---|---|---|---|---|
| 10 ஜன | 31 ஜன | 14 மார் | 11 ஏப் | 25 ஏப் | 9 மே |
| 24 ஜன | 7 பிப் | 14 மார் | 11 ஏப் | 25 ஏப் | 9 மே |
| 7 பிப் | 14 பிப் | 14 மார் | 11 ஏப் | 25 ஏப் | 9 மே |
| 18 பிப் | 18 பிப் | | | | |
| 21 பிப் | | 4 ஏப் | 18 ஏப் | 2 மே | 9 மே |
| 7 மார் | | 4 ஏப் | 25 ஏப் | 5 மே | 9 மே |
| 21 மார் | | 11 ஏப் | 2 மே | 7 மே | 9 மே |
| 4 ஏப் | | 11 ஏப் | 9 மே | 23 மே | 6 ஜூன் |

நடுவில் 18 பிப்ரவரி என்று ஒரு வரிசை இருக்கிறதே, அன்றைக்கு ரிப்போர்ட் எதுவும் போகவில்லை. டிராயிங் அப்ரூவல் உண்மையில் கிடைத்த நாள் அது. அதை 21-ஆம் தேதி வரிசையில் எழுதினால் புள்ளி மூலைக்கோட்டுக்குக் கீழே விழும். இப்படித் தனி வரிசை கொடுத்தால் கோட்டின் மேலேயே சரியாக உட்காரும். மற்ற கட்டங்களைக் காலியாக விடுங்கள், போன ரிப்போர்ட்டின் தேதியை இழுத்து நிரப்ப வேண்டாம், அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 07/02/2025 என்று அடித்தது ஜூலை 2 ஆகிவிடும், 14/03/2025 என்று அடித்தது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் சரியான தேதி மாதிரியே இருக்கும். எழுத்தாக நிற்பதைப் பிடிக்க இது போதும், FALSE வந்தால் திரும்ப அடியுங்கள்:

```
=ISNUMBER(C3)
```

மாறிப்போன மாதத்தை இது பிடிக்காது. அதனால் தேதி வடிவத்தை மாதப் பெயரோடு வைத்துக்கொள்வது நல்லது.

திட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்தவரா நீங்கள்? பழைய ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுகளை மெயிலிலிருந்து தோண்டி எடுத்து, அன்றைக்கு எழுதிய தேதியை அப்படியே போடுங்கள். ஞாபகத்திலிருந்து போட்டால், எல்லோரும் எப்போதும் சரியாகவே சொன்ன மாதிரி ஒரு அழகான படம் வரும்.

4. படம் வரைவது

அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து Insert போய் Scatter with Straight Lines and Markers எடுங்கள். Line சார்ட் வேண்டாம். ரிப்போர்ட்டுகள் சம இடைவெளியில் வராதபோது (எங்களுக்கு ஏப்ரல் 18 புனித வெள்ளி, அந்த ரிப்போர்ட் 17-ஆம் தேதியே போனது) Line சார்ட்டில் அமைப்பு கொஞ்சம் தவறினாலும் எல்லாவற்றையும் சமதூரத்தில் வைத்துவிடும், கோட்டின் சரிவு பொய் சொல்லும்.

பிறகு இரண்டு அச்சுக்கும் Format Axis-இல் ஒரே எண்களைக் கொடுங்கள். எக்செல் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, 10 ஜனவரி 2025 என்பது 45667, 27 ஜூன் 2025 என்பது 45835. உங்கள் தேதிக்கான எண் தெரியவில்லையென்றால், கட்டத்தின் வடிவத்தை General ஆக்கிப் பாருங்கள்.

```
Minimum  45667
Maximum  45835
Major    14
```

மூலைக்கோடு தானாக வராது. காலியாக இருக்கிற இடத்தில் இரண்டு வரிசை எழுதுங்கள்: இரண்டு கட்டத்திலும் 10 ஜனவரி, அடுத்த வரிசையில் இரண்டிலும் 27 ஜூன். Select Data வழியாக அதைப் புது சீரிஸாகச் சேர்த்து, சாம்பல் நிறம் கொடுத்துவிடுங்கள். படப்பரப்பைக் கையால் இழுத்துச் சதுரமாக்குங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று அகலமாக விட்டால் 45 டிகிரி போய்விடும், அடுத்த பகுதியில் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறதைச் சதுரத்தில் பழகினால்தான் கண் பழகும்.

18 பிப்ரவரி வரிசையில் மற்றவை காலியாக இருப்பதால் கோடுகள் அங்கே அறுந்துபோகும். Select Data உள்ளே Hidden and Empty Cells என்று இருக்கும், அதில் Connect data points with line கொடுத்தால் சேர்ந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், காலி என்றால் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். ஃபார்முலாவால் `""` வரவைத்தால் எக்செல் அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு கோட்டைத் தரையில் இறக்கிவிடும்.

முதல்முறை இது எல்லாம் சேர்ந்து ஒரு மதியம் எடுக்கும். லிப்ரே ஆஃபிஸில் என்றால் XY (Scatter), மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதே வழி.

5. ஒரு கோட்டை வாசிப்பது: ஸ்கேலை வையுங்கள்

டிராயிங் கோட்டைப் பாருங்கள். ஜனவரி 10-இல் 31 ஜனவரி என்றோம், 24-இல் 7 பிப்ரவரி, அதற்கடுத்து 14 பிப்ரவரி. ஒவ்வொரு முறையும் "ஒரு வாரம்தானே" என்று விட்டுவிட்டேன். படத்தில் அது ஒரே சரிவில் ஏறுகிற நேர்க்கோடு. பதினான்கு நாள் கழிந்தால் ஏழு நாள் தள்ளிப்போகிறது, அதாவது நாம் அப்ரூவலை நோக்கிப் பாதி வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

பிரின்ட் எடுத்து அந்த மூன்று புள்ளிகளின் மேல் ஸ்கேலை வைத்து மூலைக்கோடு வரை நீட்டினால் 21 பிப்ரவரியில் போய் முட்டும். உண்மையில் கையெழுத்து வந்தது 18-ஆம் தேதி. 14 என்று நாங்கள் எழுதிக்கொடுத்ததைவிட அந்த ஸ்கேல் உண்மைக்குக் கிட்டே இருந்தது.

இரண்டு புள்ளிகளை வைத்து இதைச் செய்யாதீர்கள், ஒருமுறை தள்ளிப்போனது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே திசையில் போனால் கேளுங்கள். கோடு மூலைக்கோட்டுக்கு இணையாகவே போய்க்கொண்டிருந்தால் அந்த வேலை துளியும் நகரவில்லை, எப்போது கேட்டாலும் "இன்னும் இரண்டு வாரம்" என்றுதான் பதில் வருகிறது என்று பொருள். மேலும் கீழுமாக ஆடினால், தேதி சொல்கிறவருக்கே பிடிமானம் இல்லை.

6. இரண்டு கோடுகளின் நடுவில் இருக்கிற இடம்

என்னை மாட்டிவிட்டது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிராயிங் ஏறிக்கொண்டிருந்த மூன்று ரிப்போர்ட்டிலும் கேஸ்டிங் கோடு 14 மார்ச்சில் அசையாமல் படுத்திருந்தது. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. டிராயிங் தேதிக்கும் கேஸ்டிங் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்: முதல் ரிப்போர்ட்டில் 42, அடுத்ததில் 35, அதற்கடுத்ததில் 28. டிராயிங் கையில் கிடைத்த பிறகுதான் ஃபவுண்டரியில் பேட்டர்னைத் திருத்துவார்கள், அதற்குப் பிறகுதான் வார்ப்பு, மொத்தம் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தை நாங்கள் காகிதத்தில் நாலு வாரமாகச் சுருக்கிவிட்டோம், ஃபவுண்டரிக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அவரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

படத்தில் இது இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவதாகத் தெரியும். கீழே இருக்கிற கோடு ஏறி, மேலே இருப்பது படுத்தே இருந்தால், நடுவில் இருக்கிற வேலையின் நாட்களை யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள்.

டெஸ்பாட்ச் கோடு இன்னும் மோசம். ஆறு ரிப்போர்ட்டுகளாக 9 மே, ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி. டிரையல் கோடு மட்டும் அதை நோக்கி ஏறிக்கொண்டே வந்தது. நடுவில் 14 நாள் இருந்தது, பிப்ரவரி 21-இல் 7, மார்ச் 7-இல் 4, மார்ச் 21-இல் 2. டிரையலில் கஸ்டமர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, ஆயில் எல்லாம் இறக்கி, மரப்பெட்டி அடித்து ஏற்ற எங்களுக்கு இரண்டு வாரம் வேண்டும். இரண்டு நாளில் ஆகாது என்று ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும், ரிப்போர்ட்டில் இரண்டு நாள் என்றுதான் போனது. பிப்ரவரி 21-இல் அசெம்பிளிக்கு ஏப்ரல் 18 என்று எழுதினோமே, அன்றைக்குத்தான் புனித வெள்ளி என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. தேதிகள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன.

ஏப்ரல் 4-ஆம் தேதி ரிப்போர்ட்டில் டெஸ்பாட்ச் ஒரே தாவலில் 6 ஜூன் ஆனது. நான்கு வாரம். கஸ்டமரின் இன்ஜினியர் மே 7 டிரையலுக்கு விமான டிக்கெட் போட்டு முடித்திருந்தார். அன்றைய கான்ஃபரன்ஸ் காலில் அவர் கோபப்படவில்லை, பழைய சார்ட்டைத் திரையில் வைத்து, "இந்த இரண்டு கோடும் இரண்டு மாதமாக நெருங்கிக்கொண்டிருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 7-ஆம் தேதியே கணக்குப் போட்டிருக்கலாம். ஸ்கேல் காட்டிய 21 பிப்ரவரியிலிருந்து கேஸ்டிங்குக்கு 42 நாள் சேர்த்தால் 4 ஏப்ரல், அசெம்பிளிக்கு 28 சேர்த்தால் 2 மே, டிரையலுக்கு 14 சேர்த்தால் 16 மே, இன்னொரு 14 சேர்த்தால் டெஸ்பாட்ச் 30 மே. கடைசியில் வந்த ஜூன் 6-க்கும் இதற்கும் ஒரு வாரம்தான் வித்தியாசம், அதுவும் ஃபவுண்டரியில் ஆட்கள் ஹோலிக்கு ஊருக்குப் போனதில் கழிந்த வாரம்.

அதனால் இப்போது அட்டவணைக்குப் பக்கத்தில் இடைவெளிகளை எண்ணும் பத்திகளை வைத்துக்கொள்கிறேன். முதல் வரிசையில் இருந்த இடைவெளியைவிடக் குறைந்தால் கட்டம் சிவப்பாகும்படி Conditional Formatting போட்டிருக்கிறேன்.

```
=IF(COUNT(B2:C2)=2,C2-B2,"")
```

சிவப்பானால் உடனே தேதியை மாற்ற வேண்டும் என்பதில்லை. சில சமயம் இரண்டாவது ஷிஃப்ட் போட்டோ, வேலையை வெளியே கொடுத்தோ உண்மையிலேயே சுருக்கியிருப்பார்கள். அப்படியானால் யார், எப்படிச் சுருக்கினார் என்று ஒரு வரி கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் மேலே இருக்கிற கோட்டையும் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

7. அனுப்பும்போது

சார்ட்டைத் தனியாக அனுப்பாதீர்கள். கோடு எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் ஒரு வரிக் காரணம் வேண்டும், ஏனென்றால் படம் எவ்வளவு தள்ளிப்போனது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. "கேஸ்டிங் 4 ஏப்ரலிலிருந்து 11 ஏப்ரல்: ஃபவுண்டரியில் ஹோலிக்கு ஆட்கள் குறைவு" என்கிற அளவு போதும். முதல் இரண்டு ரிப்போர்ட்டுகளில் படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது, கஸ்டமர் கேட்டாலும் மூன்றாவதிலிருந்துதான் பேச விஷயம் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

கஸ்டமரே நடுவில் ஸ்பெக் மாற்றினால் புது சார்ட் தொடங்கலாமா என்று உங்கள் பக்கத்தில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள், பழைய ஏற்றங்கள் மறைந்துவிடும் என்கிற ஆசைதான். தொடங்காதீர்கள். மாற்றம் ஒப்புக்கொண்ட நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்த மாற்றக் கடிதத்தின் எண்ணைப் பக்கத்தில் எழுதிவிட்டு அதே படத்தில் தொடருங்கள். பிறகு எல்.டி. பேச்சு வரும்போது எந்த ஏற்றம் யாருடையது என்று காட்ட அந்த ஒரு கோடுதான் கையில் இருக்கும்.

கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மீட்டிங்கில் எல்லோர் கையிலும் அதுதான் இருக்கும், ஐந்து நிறமும் ஒரே சாம்பலாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் வேறு வேறு புள்ளி வடிவம் கொடுத்து, கோட்டின் இடது முனையிலேயே மைல்ஸ்டோன் பேரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.